80 கிலோவில் நின்றுபோன ராடு

மதுரையில் வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் அவர். வயது 34, உடல் எடை 74 கிலோ. ஜிம்முக்குப் போக ஆரம்பித்த முதல் வருடத்தில் அவருடைய பெஞ்ச் பிரஸ் 40 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு மடமடவென ஏறியது. அடுத்த வருடம் 80 தொட்டது. அதோடு சரி. அதன்பிறகு 14 மாதம் ஒரு கிலோகூட ஏறவில்லை. கையுறை மாற்றினார், மணிக்கட்டுக்குப் பட்டை கட்டினார், ஜிம்முக்குப் போகுமுன் குடிக்கிற பவுடரை மாற்றினார். ராடு மட்டும் தன் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை.

பெஞ்சில் மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் ராடைப் பிடித்து, மார்பு வரை இறக்கி, மறுபடி கை நீளும் வரை தள்ளுவதுதான் பெஞ்ச் பிரஸ். பவர்லிஃப்டிங் போட்டியின் மூன்று தூக்குகளில் இது ஒன்று. ஆனால் போட்டிப் பக்கமே போகாதவர்களும் ஜிம்மில் ஒருவரையொருவர் முதலில் கேட்பது "பெஞ்ச் எவ்வளவு போடறீங்க?" என்பதைத்தான். அதனால் இந்த எண் நின்றுபோனால் வருகிற வேதனையும் கொஞ்சம் அதிகம்.

நின்றுபோன எண்ணை அசைக்க முதலில் செய்ய வேண்டியது, அந்த எண் உண்மையானதுதானா என்று பார்ப்பது. பயிற்சியாளரிடம் நம் நண்பர் சொன்ன கணக்கு 85. "மாஸ்டர், 85 ஒரு தடவ அடிச்சிருக்கேன்" என்றார். பின்னால் நின்றவர் இரண்டு விரலால் ராடைத் தொட்டுக்கொண்டிருந்த 85 அது. விரல் தொட்டால் அது இரண்டு பேர் தூக்கிய எடை. போட்டி விதிப்படி புட்டம் பெஞ்சை விட்டு எழக்கூடாது. ராடு மார்பில் அசைவில்லாமல் நின்ற பிறகு, நடுவர் "பிரஸ்" என்று சொன்ன பிறகே தள்ள வேண்டும். நடுவர் இல்லாத ஜிம்மில் அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை. ஆனாலும் யாரும் தொடாமல், மார்பில் ராடை மோதித் துள்ள விடாமல், இடுப்பைத் தூக்காமல் எவ்வளவு போகிறது என்று பார்த்தார்கள். 80 போனது. அதுதான் அவருடைய உண்மையான எண். இனி வருகிற கணக்கெல்லாம் அதிலிருந்துதான்.

இன்னொரு சின்ன விஷயம் உண்டு. போட்டி ராடின் எடை 20 கிலோ. நம் ஊர் ஜிம்களில் ஒரே ரேக்கில் 20 கிலோ ராடும் 15 கிலோ ராடும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். தேய்ந்துபோன பிளேட்டில் அச்சிட்டிருக்கும் எடையும் தராசு காட்டும் எடையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எண்ணை நம்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு வாரமும் அதே ராடு, அதே பிளேட். "போன வாரம் போச்சு, இந்த வாரம் போகல" என்ற புலம்பல்களில் சில, ராடு மாறிப்போனதால் மட்டும் வருபவை.

அடுத்து அவருடைய வாரத்தைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை செஸ்ட். திங்கட்கிழமை மாலை எந்த ஜிம்முக்குப் போனாலும் பெஞ்சுக்கு வரிசை நிற்பதைப் பார்க்கலாம்; ஊர் முழுக்க அன்றைக்குத்தான் மார்பு. வரிசையில் நின்று இடம் பிடித்ததும் 60 கிலோவில் 10 தடவை, 70 கிலோவில் 6 தடவை, 80 கிலோவில் ஒரு தடவை. பிறகு 85 போட்டு, பின்னால் ஒருவரை நிறுத்தி, இரண்டு முயற்சி. அதற்கப்புறம் சாய்வு பெஞ்ச் நான்கு செட், சரிவு பெஞ்ச் நான்கு செட், டம்பிள் ஃபிளை நான்கு செட், மெஷினில் நான்கு செட். கடைசிச் செட் முடியும்போது சட்டையைக் கழற்றக் கை வராது. அப்படியே வீட்டுக்குப் போவார். புதன்கிழமை வரை மார்பு வலிக்கும். அடுத்த திங்கள் வரை பெஞ்ச் பக்கம் போகமாட்டார்.

கூட்டிப் பார்த்தால், பெஞ்ச் பிரஸ்ஸை ஒரு வாரத்தில் அவர் உருப்படியாகச் செய்தது 17 தடவை. மீதி எல்லாம் மார்பைக் களைப்பாக்கிய வேலை. பெஞ்சைப் பழக்கிய வேலை அல்ல. அந்த 17 தடவையிலும் முக்கியமானது 80-ஐப் போட்டுப் பார்ப்பதுதான். வாரா வாரம் பரீட்சை எழுதிவிட்டு, இடையில் புத்தகத்தைத் திறக்காத மாணவன் மாதிரி அவர் தன் பலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாரே தவிர, வளர்க்கவில்லை.

ஆரம்ப வருடத்தில் இந்த முறை ஏன் வேலை செய்தது என்று கேட்கலாம். ஆரம்பத்தில் எதைச் செய்தாலும் ஏறும். உடம்பு ராடைச் சமநிலையில் பிடிக்கக் கற்றுக்கொள்வதே முதல் சில மாதங்களின் முன்னேற்றத்தில் பெரும்பங்கு. அந்தச் சுலபமான வருமானம் தீர்ந்த பிறகுதான் வாரத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பது கணக்குக்கு வருகிறது.

பயிற்சியாளர் முதலில் கை வைத்தது நாட்களில். ஒரு நாளில் இருந்ததை மூன்று நாளாக்கினார்: திங்கள், வியாழன், சனி. மூன்று நாளும் பெஞ்ச் வகைத் தள்ளுதல் உண்டு, ஆனால் எந்த நாளிலும் அளவுக்கு மீறி இல்லை. நம் நண்பருக்கு இது கேட்டதும் பகீரென்றது. "ஒரு நாள் செஞ்சதுக்கே மூணு நாள் வலிக்குது மாஸ்டர், மூணு நாள் எப்படி?" பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. ஒரே நாளில் 16 செட்டுக்கு மேல் அடித்ததால்தான் மூன்று நாள் வலித்தது. நான்கு ஐந்து செட்டில் நிறுத்தினால், இரண்டு நாளில் தசை மறுபடி வேலைக்குத் தயார்.

இதைப் பற்றி ஆய்வுகள் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் சகாக்களும் 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஒரு தசையை வாரம் ஒருமுறை பயிற்றுவிப்பதைவிட இருமுறை பயிற்றுவிப்பது தசை வளர்ச்சிக்கு நல்லது என்றது. பலத்தைப் பற்றி 2018-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, நாட்கள் கூடக் கூடப் பலமும் கூடுகிறது என்று காட்டிவிட்டு, ஒரு முக்கியமான திருத்தத்தையும் சொன்னது: வாரத்தின் மொத்த வேலையைச் சமமாக வைத்துக்கொண்டால், நாட்களின் எண்ணிக்கையால் வரும் வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆக, நாளைக் கூட்டுவதில் மந்திரம் ஏதுமில்லை. களைத்துப்போகாத நிலையில், நல்ல தரமான செட்டுகளை வாரத்துக்குள் அதிகமாகப் புகுத்த அது ஒரு வழி, அவ்வளவுதான். திங்கட்கிழமையின் பதினான்காவது செட்டும் வியாழக்கிழமையின் முதல் செட்டும் நோட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். ராடின் வேகத்தைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இந்தத் திருத்தத்தைப் படிக்காமல் பாய்பவர்களும் உண்டு. ஸ்மோலோவ் ஜூனியர் என்று ஒரு ரஷ்ய வழித் திட்டம் ஜிம் பையன்களின் போன்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாரம் நான்கு நாள் பெஞ்ச். ஒரு நாள் உச்ச எடையில் 70 சதவீதத்தில் 6 தடவையாக 6 செட், இன்னொரு நாள் 75 சதவீதத்தில் 5 தடவையாக 7 செட், பிறகு 80 சதவீதத்தில் 4 தடவையாக 8 செட், கடைசி நாள் 85 சதவீதத்தில் 3 தடவையாக 10 செட். ஒவ்வொரு வாரமும் எடையைக் கூட்டி மூன்று வாரம். தாங்குகிறவர்களுக்கு எண் ஏறத்தான் செய்யும். ஆனால் வாரம் ஒருநாள் பெஞ்ச் செய்துகொண்டிருந்த 34 வயதுக்காரர் திடீரென்று வாரத்துக்கு 31 செட்டுக்குப் போனால், நான்காவது வாரம் அவரை எலும்பு டாக்டர் வீட்டு வாசலில்தான் பார்க்க முடியும். நான் இதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

நண்பருக்குப் போட்டுக் கொடுத்தது இதைவிட ரொம்பச் சாது. முதல் ஒரு வாரம் கிட்டத்தட்ட ஓய்வு. 40 கிலோவில் கையசைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். 14 மாதக் களைப்பு எதன் அடியில் என்ன இருக்கிறது என்று காட்டாது; அது முதலில் வடிய வேண்டும். பிறகு 12 வாரத் திட்டம்.

முதல் வாரம் திங்கட்கிழமை சாதாரண பெஞ்ச், 57.5 கிலோவில் 6 தடவையாக 4 செட். வியாழக்கிழமை மார்பில் ராடை இரண்டு விநாடி நிறுத்தித் தள்ளும் பெஞ்ச், 55 கிலோவில் 4 தடவையாக 5 செட். சனிக்கிழமை கைகளை நெருக்கிப் பிடித்த பெஞ்ச், 50 கிலோவில் 8 தடவையாக 3 செட். மொத்தம் 12 செட், 68 தடவை. முன்பு 17. வாரத்தின் மொத்தச் செட் கணக்கு பழைய திங்கட்கிழமையைவிடக் குறைவு, பெஞ்ச் மட்டும் நான்கு மடங்கு. சாய்வு, சரிவு, மெஷின் எல்லாம் போய்விட்டன. ஃபிளை மட்டும் சனிக்கிழமை இரண்டு செட், ஆசைக்கு. முதுகை இழுக்கும் ரோயிங் மட்டும் மூன்று நாளும் நான்கு செட், ஏனென்றால் ராடை இறக்கும்போது தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் கவ்விப் பிடிப்பது முதுகுதான்.

57.5 என்றதும் அவர் முகம் சுருங்கியது. அவருடைய உச்சத்தில் அது 72 சதவீதம். முன்பு அவர் உடம்பைச் சூடாக்கத் தூக்கிய எடை. ஆறு தடவை முடிந்தபின் இன்னும் மூன்று நான்கு தடவை தள்ளத் தெம்பு மிச்சம் இருந்தது. திட்டத்தின் நிபந்தனையே அதுதான். ஒவ்வொரு செட்டையும் இரண்டு மூன்று தடவையைக் கையில் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். மிச்சம் இல்லாமல், கண் பிதுங்கத் தள்ளி முடிக்கிற செட்டிலிருந்து மீள ரொம்ப நேரம் எடுக்கும். அந்தக் கடன் அடுத்த நாளின் செட்டில் வசூலாகும். மூன்று நாள் திட்டத்தில் இது கட்டுப்படியாகாது. பழக்கமில்லாதவர்களுக்கு மிச்சத்தைக் கணிப்பது முதலில் வராது. ஒரு வழி, ராடின் வேகத்தைப் பார்ப்பது: ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் ராடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மெதுவாகிவிட்டால், மிச்சம் ஒன்றோ இரண்டோதான். போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்தால் இது பளிச்சென்று தெரியும்.

செட்டுகளுக்கு நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு. இதற்குத்தான் அவர் ரொம்பச் சிரமப்பட்டார். பெஞ்சுக்காக இரண்டு பேர் காத்து நிற்கும்போது மூன்று நிமிடம் உட்கார்ந்திருக்க மனசு வராது. மூன்று பேராக மாற்றி மாற்றிச் செய்தால் ஓய்வும் கிடைக்கும், யாரும் முறைக்கவும் மாட்டார்கள்.

இனி வகைகள். நின்றுபோனவருக்கு ஜிம்மில் கிடைக்கும் ஆலோசனை வழக்கமாக இப்படி இருக்கும்: ராடு கீழே நின்றால் மார்பு பலவீனம், மேலே நின்றால் ட்ரைசெப்ஸ் பலவீனம், அதற்கேற்ற பயிற்சி செய். கேட்க நேர்த்தியாக இருக்கிறது, முழுக்கச் சரியில்லை. பெரிய எடையில் ராடு மார்பிலிருந்து சில அங்குலம் எழுந்ததும் மெதுவாவதும், அங்கேயே மாட்டிக்கொள்வதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பது. ராடு இறங்கும்போது நீண்ட தசை தரும் தெறிப்பு அங்கே தீர்ந்துவிடுகிறது. கைகளும் தோளும் இருக்கும் கோணத்தில் தள்ளும் திறனும் குறைவு. அங்கே நிற்பது ஒருவருடைய தனிப்பட்ட குறை அல்ல. அந்த அசைவின் அமைப்பே அப்படி. மேலே, கை நீளப்போகும் கடைசி இரண்டு அங்குலத்தில் நிற்பவர்கள் குறைவு. அவர்களுக்கு மட்டும் ட்ரைசெப்ஸ் ஆலோசனை நேரடியாகப் பொருந்தும்.

அப்படியென்றால் வகைகள் எதற்கு? இரண்டு காரணம் சொல்வேன். முதலாவது, ஒரு வகை சாதாரண பெஞ்சில் நாம் மறைத்துக்கொள்ளும் ஒரு திருட்டைப் பிடித்துக் கொடுக்கும். மார்பில் இரண்டு விநாடி நிறுத்துகிற பெஞ்ச் அப்படி. நம் நண்பர் கடைசி இரண்டு அங்குலத்தில் ராடை லேசாக விட்டுவிட்டு, மார்பில் பட்டுத் துள்ளும் வேகத்தில் மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னதும் 55 கிலோவே கனத்தது. முதல் வியாழன் வீடியோவில் பார்த்தால், ராடு நிற்கும்போது தோள்கள் தளர்ந்து முன்னால் சரிவது தெரிந்தது. தள்ளும்போது முழங்கை வெளியே ஓடியது. மூன்றாவது வியாழனுக்குள் தோள்பட்டை பெஞ்சோடு ஒட்டி நின்றது, ராடும் ஒரே இடத்தில், மார்புக்காம்புக்குச் சற்றுக் கீழே, தொட்டு நின்றது. எரிக் ஸ்போட்டோ என்ற அமெரிக்கர் 2013-இல் 327.5 கிலோ பெஞ்ச் செய்தவர். ராடை மார்புக்கு ஒரு அங்குலம் மேலேயே நிறுத்தித் தள்ளும் வகை இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அதுவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஆரம்பக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு உயரத்தில் நிறுத்துவார்கள். மார்பில் நிறுத்துவதில் அந்தக் குழப்பம் இல்லை.

இரண்டாவது காரணம்தான் பலரும் யோசிக்காதது. வகைகள் தாமாகவே எடையைக் குறைக்க வைக்கும். வாரத்தில் மூன்று நாளும் சாதாரண பெஞ்ச் என்றால், மூன்றாவது நாளும் 70 போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். நெருக்கிப் பிடித்த பெஞ்சில் 70 போகாது; 50 போதும் என்று ராடே சொல்லிவிடும். தசைக்குக் கடின வேலை, மூட்டுக்குக் குறைந்த பாரம். கூடவே ட்ரைசெப்ஸுக்கும் நல்ல பங்கு. இதில் ஒரு எச்சரிக்கை: நெருக்கி என்றால் தோள் அகலம். இரண்டு கட்டைவிரலும் உரசுகிற மாதிரி ராடின் நடுவில் பிடிப்பவர்களைப் பார்க்கிறேன். அதில் மணிக்கட்டு மடங்கி வலிக்கும். ட்ரைசெப்ஸுக்குக் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை.

எடை எப்படி ஏறியது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான ஜிம்களில் மிகச் சின்ன பிளேட் 2.5 கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. 60 கிலோ தூக்குபவருக்கு அது 8 சதவீதத்துக்கு மேல். அடுத்த வாரத்துக்குள் யாருக்கும் அவ்வளவு பலம் கூடாது. நண்பர் 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கி ஜிம் பையில் வைத்துக்கொண்டார். அவர் வாங்கிய பவுடர் டப்பாக்கள் எல்லாவற்றையும்விட உபயோகமான செலவு அதுதான்.

திங்கட்கிழமைகளில் 57.5, 60, 62.5 என்று மூன்று வாரம் ஏறினார். நான்காவது வாரம் செட்டுகளைப் பாதியாக்கி இளைப்பாறல். அடுத்த நான்கு வாரம் 5 தடவையாக 5 செட்: 62.5, 65, 67.5, பிறகு மறுபடி இளைப்பாறல். வியாழக்கிழமை நிறுத்தல் பெஞ்ச் 3 தடவையாகக் குறைந்து 60-இலிருந்து 65 வரை போனது. சனிக்கிழமை 55 கிலோவில் 6 தடவையாக 4 செட். வாரத்துக்கு 14 செட்.

இங்கேதான் சறுக்கியது. ஆறாவது வாரம் வலது தோளின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. ராடை இறக்கும்போது குத்தும், தள்ளும்போது இருக்காது. திட்டம்தான் அதிகமோ என்று எல்லோரும் யோசித்தார்கள். விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது: சனிக்கிழமை வரை காத்திருக்கப் பொறுக்காமல் புதன்கிழமைகளில் யாருக்கும் சொல்லாமல் டிப்ஸ் அடித்திருக்கிறார். இரு கம்பிகளுக்கு நடுவே உடம்பை ஆழமாக இறக்கும் டிப்ஸில் தோளின் முன்பக்கம்தான் இழுபடும். மறுநாள் வியாழன், நிறுத்தல் பெஞ்சில் மறுபடி அதே இடம். திட்டத்துக்கு வெளியே செய்வதும் திட்டத்தின் கணக்கில்தான் சேரும்.

டிப்ஸ் நின்றது. சனிக்கிழமை செட்டுகள் நான்கிலிருந்து இரண்டாயின. களைத்துப்போன செட்டுகளில் ராடு கழுத்துப் பக்கமாக ஏறி இறங்குவதும் வீடியோவில் தெரிந்ததால், தொடும் இடத்தில் சட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். பத்து நாளில் வலி போனது. இப்படிப்பட்ட வலியில் ஒரு பொதுக்கணக்கு வைத்துக்கொள்ளலாம்: உடம்பு சூடானதும் குறைந்து, மறுநாள் காலையில் கூடாமல் இருந்தால் எடையைக் குறைத்துத் தொடரலாம். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்றாலோ, கையைத் தூக்கச் சிரமமாக இருந்தாலோ பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். தள்ளும்போது மார்பிலோ அக்குளிலோ "டப்" என்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்து, பிறகு கை மேல்பகுதி கன்றிப்போனால் அது தசை அல்லது தசைநார் கிழிசலாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியது.

கடைசிக் கட்டத்தில் தடவைகள் குறைந்து எடை கூடியது. ஒன்பதாவது வாரம் 70 கிலோவில் 3 தடவையாக 5 செட், அடுத்து 72.5, பதினோராவது வாரம் 75. கடைசிச் செட்டிலும் ஒரு தடவை மிச்சம் இருந்ததாகச் சொன்னார். அதாவது 75 கிலோவில் 4 தடவை போகும். இதை வைத்து உச்சத்தைக் கணிக்கப் பலரும் பயன்படுத்தும் எப்லி சூத்திரம் சுலபமானது: தடவையை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். அவருக்கு அது 85 காட்டியது. உச்சத்தைப் போட்டுப் பார்க்காமலேயே முன்னேற்றம் தெரிந்துவிட்டது. தடவைகள் பத்துக்கு மேல் போனால் இந்தச் சூத்திரம் தாறுமாறாகக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பன்னிரண்டாவது வாரம் திங்கட்கிழமை 65 கிலோவில் 2 தடவையாக 3 செட் மட்டும். வியாழன் ஓய்வு. சனிக்கிழமை வெறும் ராடில் 10, பிறகு 40, 60, 70, 77.5 என்று படிப்படியாக ஏறி, 82.5 போட்டார். யாரும் தொடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து 85. பாதியில் ராடு தயங்கியது, நிற்கவில்லை. 87.5 போட்டுப் பார்க்கிறேன் என்றார். "இன்னைக்கு அவ்வளவுதான்" என்று பிளேட்டுகளைக் கழற்றிவிட்டார் மாஸ்டர்.

12 வாரத்தில் 5 கிலோ என்பது சிலருக்கு ஏமாற்றமாகத் தோன்றலாம். மூன்று வருடத்துக்கு மேல் பயிற்சி செய்த ஒருவருக்கு இது நல்ல வேகம்; அடுத்த 5 கிலோவுக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும்.

எல்லோருடைய தேக்கமும் இவருடையதைப் போன்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நேர் எதிரான ஒருவரும் அதே ஜிம்மில் இருக்கிறார். கல்லூரி மாணவர், வாரம் நான்கு நாள் பெஞ்ச், ஒவ்வொரு செட்டும் தூக்க முடியாமல் நிற்கும் வரை. அவருக்கும் எண் ஏறவில்லை. அவருக்கு இந்தத் திட்டத்தைக் கொடுத்தால், அதுவே இளைப்பாறலாகத் தோன்றும். இரண்டு வகையையும் பிரித்தறிய நோட்டுப் புத்தகம் போதும். செஸ்ட் நாளைத் தவிர மற்ற நாட்களில் மார்பு புத்துணர்ச்சியோடு இருந்து, சூடாக்கும் செட்டுகள் லேசாகப் பறந்து, உச்சத்தில் மட்டும் முட்டினால், வேலை போதவில்லை. நாளையும் செட்டையும் கூட்டலாம். சூடாக்கும் 40 கிலோவே கனத்து, வாரத்துக்கு வாரம் தடவைகள் குறைந்து, முழங்கையோ தோளோ எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் வேலை அதிகம். செட்டுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, முடியாமல் நிற்கும் வரை தள்ளுவதை நிறுத்த வேண்டும். அந்த மாணவருக்கு அதைத்தான் செய்தார்கள்.

சாப்பாடு தனிக் கட்டுரைக்கான விஷயம். இந்த விவகாரத்துக்கு வேண்டியது இரண்டு வரிதான். எடை குறைக்க டயட்டில் இருப்பவர் பெஞ்ச் ஏறவில்லை என்று வருத்தப்படக் கூடாது, நிற்பதே லாபம். புரதத்தைப் பொறுத்தவரை, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்கு மேல் சாப்பிடுவதால் தசைக்குப் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. 74 கிலோக்காரருக்கு அது 118 கிராம் அளவில் வரும். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும், மதியம் ரசம் சாதமும் என்று ஓடும் நாளில் இதில் பாதிகூடத் தேறாது.

தனியாகப் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு சொல். பெஞ்ச் பிரஸ்ஸில் ராடு மேலே இருப்பது கழுத்துக்கும் மார்புக்கும். கட்டைவிரலைச் சுற்றாமல் உள்ளங்கையில் ராடை வைத்துத் தூக்கும் பழக்கம் வேண்டாம். நழுவினால் பிடிக்க வழியில்லை. பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ரேக்கில் அவற்றை மார்புக்குச் சற்றுக் கீழே வைத்துவிட வேண்டும். அது இல்லாத வெறும் பெஞ்சில் தனியாகச் செய்ய நேர்ந்தால், பிளேட் முனைகளில் கிளிப் மாட்டாமல் விடுவது நல்லது. மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைச் சரிய விடலாம்.

நண்பர் இப்போது இரண்டாவது சுற்றில் இருக்கிறார். 85 வந்துவிட்டதே என்று 65-இல் ஆரம்பிக்கவில்லை, 60-இல்தான் ஆரம்பித்தார். நாட்கள் மூன்று, மாற்றமில்லை. செட்டுகள் 12-இல் தொடங்கி, தோள் தாங்கினால் மட்டும் 15 வரை. சனிக்கிழமை நெருக்கிப் பிடித்த பெஞ்சுக்குப் பதில் நின்றுகொண்டு தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் வந்திருக்கிறது, 35 கிலோவில். ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எண் ஏறினாலும் எதனால் ஏறியது என்று அடுத்த தடவை நிற்கும்போது சொல்ல முடியாது.